கால்ப்ரொடெக்டின் 486: ஐபிஎஸ் இல்லையென்றால் வேறு என்ன?

நூல்கண்டு, 12 ஜனவரி 2025

நான்கு மாதமாக வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. வயது 25, திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை. செப்டம்பரில் 64 கிலோ இருந்தேன், இப்போது 58. எங்கள் தெரு டாக்டர் முதல் நாளே "ஐபிஎஸ், டென்ஷனைக் குறைங்க" என்றார். ஐபிஎஸ் என்றால் குடலில் புண் எதுவும் இல்லாமலே வயிறு படுத்துவதாம். ஷிப்மென்ட் நேரத்தில் டென்ஷன் இல்லாதவன் இந்த ஊரில் யார்? மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் அடங்கும், எட்டாம் நாள் பழையபடி.

போன வாரம் வேறு டாக்டரிடம் போனேன். மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்க்கச் சொன்னார். 486 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் 50க்குக் கீழ் நார்மல் என்று அச்சடித்திருக்கிறார்கள். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 22, ஹீமோகுளோபின் 11.2.

டாக்டரைப் பார்க்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இந்த 486 என்ன நோய் என்று சொல்கிறதா, இல்லை என்ன நோய் இல்லை என்று சொல்கிறதா?

கருப்பட்டி, 12 ஜனவரி

250ஐத் தாண்டினால் ஐபிடி என்கிற நாள்பட்ட குடல் அழற்சி நோய்தான், சந்தேகமே வேண்டாம். க்ரோன்ஸ், இல்லையென்றால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். என் மச்சானுக்கு 600 இருந்தது, அல்சரேட்டிவ் என்றார்கள். மெசலமைன் போட்டார், மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. உங்கள் டாக்டரிடம் அதைக் கேளுங்கள், நாளைக் கடத்தாதீர்கள்.

சுந்தரவல்லி, 12 ஜனவரி

எனக்கும் போன வருடம் கால்சியம் கூடுதலாக இருந்தது தம்பி. பாராதைராய்டு என்று சொல்லி கழுத்தில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்தார்கள். பயப்பட வேண்டாம். பால், கேழ்வரகைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

லேப்காரன், 13 ஜனவரி

அக்கா, இது அந்தக் கால்சியம் இல்லை. கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் புரதம் என்பதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். இரத்தத்தில் இருக்கும் கால்சியத்துக்கும் இதற்கும் கணக்கு வழக்கு கிடையாது. ஆனால் பாலை நிறுத்துவது வேறு காரணத்துக்காக உதவலாம், அதனால் உங்களோடு சண்டை இல்லை.

22 வருடமாக லேபில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவுக்குள் கரைந்திருக்கும் புரதத்தில் ஏறக்குறைய பாதி இந்தக் கால்ப்ரொடெக்டின்தான். குடல்சுவர் புண்ணாகி வீங்கினால் அந்த அணுக்கள் சுவரைத் தாண்டி குடலுக்குள் இறங்குகின்றன, அங்கேயே சாகின்றன. அணு போய்விடும், புரதம் அழியாமல் மலத்தோடு வரும். அதை அளக்கிறோம். கோயில் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி உள்ளே கூட்டம் எவ்வளவு என்று சொல்வது மாதிரி. கூட்டம் பிரதோஷத்துக்கு வந்ததா கல்யாணத்துக்கு வந்ததா என்று செருப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஐபிஎஸ்ஸில் குடல் படுத்தும், ஆனால் சுவரில் அழற்சி இருக்காது. செருப்பே இருக்காது. அதனால் 40, 30 என்று வந்தால் 'குடல் அழற்சி அநேகமாக இல்லை' என்று தைரியமாகச் சொல்லலாம். பரிசோதனையின் பலமே அந்தப் பக்கம்தான். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2013இல் இதைப் பரிந்துரைத்ததும் அதற்காகத்தான், ஐபிஎஸ் ஆட்களையெல்லாம் வீணாகக் கொலனோஸ்கோபிக்கு அனுப்பாமல் இருக்க.

நூல்கண்டு, இரண்டு கேள்வி. வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? மாதிரியை எப்போது எடுத்தீர்கள், எப்படி வைத்திருந்தீர்கள்?

நூல்கண்டு, 13 ஜனவரி

மாட்டிக்கொண்டேன். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், அக்டோபரிலிருந்து வாரத்தில் நான்கைந்து நாள். அது வயிற்றைப் புண்ணாக்கும் என்று காலையில் பான்டோப்ரசோல்.

மாதிரியைக் காலை ஏழு மணிக்கு எடுத்தேன். லேபுக்குப் போய்ச் சேர்ந்தது மதியம் ஒரு மணி. நடுவில் பைக் பாக்ஸில் கிடந்தது.

லேப்காரன், 13 ஜனவரி

காலையில் முதலில் போனதை எடுத்தது சரி. ஆறு மணிநேரம் வெளியே இருந்ததால் ஒன்றும் ஆகியிருக்காது, இந்தப் புரதம் கெட்டி ஆள், அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் நாள் முழுக்க வைத்தால் எண் குறைந்து வருமே தவிர ஏறாது. அதனால் உங்கள் 486 பைக் பாக்ஸ் செய்த வேலை இல்லை.

டைக்ளோஃபெனாக் செய்திருக்கலாம். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே இரண்டு வாரம் அதைக் கொடுத்தால் பலருக்குச் சிறுகுடலில் கீறல் விழும், கால்ப்ரொடெக்டின் ஏறும். பான்டோப்ரசோல் மாதிரி அமில மாத்திரைகளும் கொஞ்சம் ஏற்றும் என்கிறார்கள்.

கருப்பட்டி, 13 ஜனவரி

ஆக மாத்திரையை நிறுத்தினால் போதும், நோயே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் என் மச்சானுக்கு?

இரவுப்பணி, 14 ஜனவரி, அதிகாலை 2:40

குடல்நோய்ப் பிரிவில் பயிற்சி டாக்டர். ட்யூட்டி நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாக.

உங்கள் மச்சானுக்குக் கொலனோஸ்கோபி செய்திருப்பார்கள், பயாப்ஸி எடுத்திருப்பார்கள். 600ஐ மட்டும் பார்த்து யாரும் மெசலமைன் எழுதியிருக்க மாட்டார்கள். 250க்கு மேல் போனால் ஐபிடிக்கு வாய்ப்பு அதிகம் என்பது பாதி உண்மை. சால்மோனெல்லா, ஷிகெல்லா, அமீபா, வலி மாத்திரை, எல்லாமே அந்த எண்ணைத் தரும். நம் ஊரில் குடல் டிபியும் தரும். வெளிநாட்டுப் பக்கங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அந்தக் கடைசி ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

நூல்கண்டு, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போகிறீர்களா? காய்ச்சல் வருகிறதா? வீட்டில் யாருக்காவது டிபி?

நூல்கண்டு, 14 ஜனவரி

முதல் பதிவில் இதை எழுதாமல் விட்டது என் தப்பு. வாரத்தில் மூன்று நாளாவது விடியற்காலை மூன்று மணிக்கு வயிறு எழுப்புகிறது. சாயங்காலம் உடம்பு லேசாகக் காய்கிறது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் யாருக்கும் டிபி இல்லை. ஹாஸ்டலில் மூன்று வருடம் இருந்தேன், அங்கே யாருக்கு என்ன என்று தெரியாது.

இரவுப்பணி, 14 ஜனவரி

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று உட்கார முடியாது. அந்த வழி ராத்திரி நன்றாகத் தூங்குகிறவனுக்கு, எடை குறையாதவனுக்கு. ஐபிஎஸ் ஆளைப் பகலெல்லாம் வயிறு ஆட்டிவைக்கும், ஆனால் தூக்கத்திலிருந்து அநேகமாக எழுப்பாது. ஆறு கிலோ இறங்கியிருக்கிறது, ஹீமோகுளோபின் 11.2, ராத்திரி எழுகிறீர்கள். கால்ப்ரொடெக்டின் 60 என்று வந்திருந்தாலும் உங்களைக் கொலனோஸ்கோபிக்கு அனுப்பியிருப்பேன்.

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். முதலில் மல கல்ச்சர், அமீபா பார்க்கட்டும். அப்புறம் கொலனோஸ்கோபி. குழாய் பெருங்குடலோடு நிற்கக் கூடாது, சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

புளியோதரை, 16 ஜனவரி

எனக்கு 95 வந்தது. லேப் தாளில் சிவப்பு எழுத்து. நெட்டில் படித்துவிட்டு ஒரு வாரம் சாப்பிடவே இல்லை. டாக்டர் சிரித்துவிட்டு ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார், 38. நடுவில் என்ன மாறியது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இப்போதும் பரீட்சை வந்தால் வயிறு கலங்கும்.

லேப்காரன், 16 ஜனவரி

50க்கும் 250க்கும் நடுவில் வருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம் போன் செய்வது. அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை, மறுபடி எடுங்கள் என்பேன்.

நூல்கண்டு, 7 பிப்ரவரி

கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. அமீபா இல்லை. டைக்ளோஃபெனாக் நிறுத்தி மூன்றரை வாரம். கொலனோஸ்கோபி தேதி கிடைக்கத் தாமதம், அந்த இடைவெளியில் கோவையில் வேறு லேபில் மறுபடி எடுத்தேன், 412. குறைகிறது! மாத்திரைதான் காரணமோ?

லேப்காரன், 7 பிப்ரவரி

குறையவில்லை. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த நாளில் எடுத்தாலே இவ்வளவு வித்தியாசம் வரும். அதுவும் இரண்டு லேப், இரண்டு கிட். ஒரே மாதிரியைப் பிரித்து இரண்டு கம்பெனி கிட்டில் போட்டு ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு காட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 486ம் 412ம் ஒன்றே. மாத்திரை மட்டும் காரணம் என்றால் இந்நேரம் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இனிமேல் எங்கே எடுத்தாலும் அதே லேபில் எடுங்கள்.

இன்னொன்று. கொலனோஸ்கோபிக்காகப் பேதி மருந்து குடித்த பிறகு வருவதை மாதிரியாகக் கொடுக்காதீர்கள். சிலர் 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' என்று கொண்டுவருவார்கள். அது தண்ணீர்.

நூல்கண்டு, 13 பிப்ரவரி

நேற்று முடிந்தது. பேதி மருந்தை விடக் கொலனோஸ்கோபி சுலபம், அது வேறு கதை.

பெருங்குடலின் இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண்கள், வால்வு வாய் பிளந்தபடி நிற்கிறதாம், சிறுகுடலுக்குள் பத்து சென்டிமீட்டர் வரை சிவப்பு. ஆறு துண்டு எடுத்தார்கள். டாக்டர் சொன்ன வார்த்தை அப்படியே: "டிபியா க்ரோன்ஸா, இப்போ சொல்ல மாட்டேன்."

கருப்பட்டி அண்ணே, நீங்கள் சொன்னதில் பாதி வந்துவிட்டது. எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.

இரவுப்பணி, 14 பிப்ரவரி

அந்த இடம் இரண்டுக்குமே பிடித்த இடம். புண் குடலைச் சுற்றி வளையம் மாதிரி இருந்தால், வால்வு பிளந்திருந்தால் டிபி பக்கம் சாயலாம். புண் குடலோடு நீளவாக்கில் ஓடினால், நடுநடுவே நல்ல குடல் இருந்தால், ஆசனவாயில் பவுத்திரம் மாதிரி ஏதாவது இருந்தால் க்ரோன்ஸ் பக்கம். சாய்கிறோம், அவ்வளவுதான்.

இங்கே கால்ப்ரொடெக்டினைக் கூப்பிடாதீர்கள். இரண்டிலும் ஏறும். எவ்வளவு ஏறியது என்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மதுரைக்காரி, 15 பிப்ரவரி

படித்துக்கொண்டே வந்தேன், இந்த இடத்தில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் இதே இடம், இதே வரி. எனக்கு டிபி என்று முடிவு செய்து மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் பசி வந்தது, எடை ஏறியது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒன்பது மாதம் சாப்பிட்டேன். நடுவில் யாரும் உள்ளே பார்க்கவில்லை. கடைசியில் குடல் சுருங்கி அடைத்துக்கொண்டு எமர்ஜென்சியில் வெட்டி எடுத்தார்கள். க்ரோன்ஸ். தம்பி, உடம்பு தேறுகிறது என்பதை நம்பாதே.

கருப்பட்டி, 15 பிப்ரவரி

அதனால்தான் நான் முதலிலேயே சொன்னேன், க்ரோன்ஸ் மருந்தை ஆரம்பித்திருந்தால் அக்காவுக்கு ஆபரேஷனே வந்திருக்காது.

இரவுப்பணி, 16 பிப்ரவரி

அக்காவுக்கு வந்திருக்காது, சரி. நூல்கண்டுக்கு உண்மையில் டிபி இருந்து, க்ரோன்ஸ் என்று ஸ்டீராய்டு கொடுத்தால்? அடங்கிக் கிடந்த கிருமி உடம்பெல்லாம் பரவும். அப்படி வார்டுக்கு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன், அதை இங்கே விவரிக்க விருப்பமில்லை. இரண்டு தவறுக்கும் விலை உண்டு. டிபி அதிகம் இருக்கும் நாட்டில், சந்தேகம் தீராத இடத்தில், டிபி மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பது வழக்கமாக இருப்பது இதனால்தான்.

அக்கா சொன்னதில் ஒரு விஷயம் தங்கம். க்ரோன்ஸ் ஆட்களிலும் கணிசமானவர்களுக்கு டிபி மருந்தில் உடம்பு தேறியது போலத் தெரியும். புண் ஆறாது. அதனால் இரண்டு மாதம் முடிந்ததும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். டிபி என்றால் பெரும்பாலும் அதற்குள் புண் ஆறியிருக்கும்.

நூல்கண்டு, 22 பிப்ரவரி

பயாப்ஸியில் கிரானுலோமா, அதாவது அழற்சி அணுக்கள் திரண்ட முடிச்சு இருக்கிறது, சின்னதாக இரண்டு. டிபியில் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் தயிர்க்கட்டி மாதிரி அழுகியிருக்குமாம். எனக்கு அப்படி இல்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனை நெகட்டிவ். கல்ச்சர் போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம் ஆகும். சிடி ஸ்கேனில் வயிற்று நெறிக்கட்டி ஒன்று நடுவில் கருப்பாக, அதாவது உள்ளே செத்துப்போனது மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் டிபி பக்கம் சாய்ந்தார்.

திங்கட்கிழமை மாத்திரை ஆரம்பம். ஏப்ரல் கடைசியில் மறுபடி கொலனோஸ்கோபி என்று இப்போதே எழுதி வாங்கிவிட்டேன். அக்கா, அது உங்களுக்காக.

இரவுப்பணி, 22 பிப்ரவரி

ஜீன்எக்ஸ்பெர்ட் நெகட்டிவ் என்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். சளியில் அது நன்றாகப் பிடிக்கும், குடல் துண்டில் கிருமி சொற்பம், பெரும்பாலும் கோட்டைவிடும். நெறிக்கட்டி நடுவில் அழுகியிருப்பது க்ரோன்ஸில் வழக்கமில்லை. உங்கள் டாக்டர் சாய்ந்த பக்கம்தான் நானும் சாய்வேன்.

நூல்கண்டு, 19 மார்ச்

சிறுநீர் ஆரஞ்சு. முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் முதல் நாள் பயந்துவிட்டேன். எடை 59.5. ராத்திரி எழுவது நின்றுவிட்டது. சந்தோஷப்படக் கூடாது என்று அக்கா சொன்னதால் பாதி சந்தோஷம்.

புதுத் தொல்லை, முழங்கால், கணுக்கால் எல்லாம் வலிக்கிறது. டைக்ளோஃபெனாக் ஒன்று போட்டுக்கொண்டால் என்ன?

லேப்காரன், 19 மார்ச்

போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் கால்ப்ரொடெக்டின் குறையாமல் வந்தால், மருந்து கேட்கவில்லையா மாத்திரை ஏற்றியதா என்று நாம் எல்லோரும் உட்கார்ந்து இன்னொரு இழை ஆரம்பிக்கலாம்.

இரவுப்பணி, 19 மார்ச்

அவர் கிண்டல் செய்கிறார், போடாதீர்கள். நான்கு மருந்தில் பைரசினமைட் யூரிக் அமிலத்தை ஏற்றும், மூட்டு வலி அதனால் இருக்கலாம். இரண்டு மாதத்தில் அந்த மருந்து நின்றுவிடும். அதுவரை என்ன எடுக்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். டிபி மருந்தோடு ஈரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும், கண் மஞ்சளானால், வாந்தி நிற்காமல் வந்தால் அன்றே போங்கள்.

நூல்கண்டு, 2 மே

கல்ச்சர் நெகட்டிவ். ஆக, கிருமியை யாரும் கண்ணால் பார்க்கவே இல்லை.

கால்ப்ரொடெக்டின், அதே கோவை லேப், 88. சிஆர்பி 4. எடை 61. நேற்றுக் கொலனோஸ்கோபி. புண்கள் ஆறிவிட்டன, தழும்பு மட்டும். சுருக்கம் இல்லை. டாக்டர் இன்றுதான் 'டிபி' என்ற வார்த்தையைக் கேள்விக்குறி இல்லாமல் எழுதினார். இன்னும் நான்கு மாதம், மாத்திரை மூன்றாகக் குறைகிறது.

என் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். 486 நோயின் பெயரைச் சொல்லவில்லை. 412இலிருந்து 88க்கு இறங்கியதுதான் கொஞ்சம் சொன்னது. அதுவும் மருந்து தெரிந்து, தேதி தெரிந்து, அதே லேபில் எடுத்ததால்.

மதுரைக்காரி, 2 மே

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அந்த இரண்டாம் மாதத்தில் ஒரு மலப் பரிசோதனையாவது எடுத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவுப்பணி, 3 மே

எடுத்திருந்தால் இறங்காமல் நின்றிருக்கும், அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது அக்கா.

கருப்பட்டி, 3 மே

மச்சானிடம் கேட்டேன். இரண்டு தடவை கொலனோஸ்கோபி செய்தார்களாம், பயாப்ஸியும் எடுத்தார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நூல்கண்டு, 9 செப்டம்பர்

மாத்திரை முடிந்து பத்து நாள். எடை 63. கால்ப்ரொடெக்டின் 34.

ஆனால் காலையில் டீ குடித்த அரை மணிக்குள் ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை, தண்ணீராக. ராத்திரி இல்லை, காய்ச்சல் இல்லை. டிபி திரும்பிவிட்டதா என்று நடுங்கிக்கொண்டு போனேன். டாக்டர் 34ஐக் காட்டி, அழற்சி அடங்கியிருக்கிறது, இப்போதைக்கு மறுபடி குழாய் விட வேண்டாம் என்றார். சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சுமாம். அங்கே தழும்பு விழுந்ததால் அது பெருங்குடலுக்குள் வழிந்து பேதியாக்குகிறதோ என்று சந்தேகம். கொலஸ்டிரமின் பொடி எழுதியிருக்கிறார், தினமும் ஒரு பாக்கெட், மூன்று வாரம். முதல் ஒரு வாரம் டீயில் பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். சுந்தரவல்லி அக்கா ஜனவரியிலேயே சொன்னது.

சுந்தரவல்லி, 9 செப்டம்பர்

நான் கால்சியத்துக்காகச் சொன்னேன் தம்பி.

லேப்காரன், 10 செப்டம்பர்

பித்த உப்புப் பேதியிலும் பால் சேராததிலும் இந்த எண் ஏறாது. அதனால் 34 அந்த இரண்டில் எது என்று சொல்லாது. பாலை நிறுத்தும்போதே பொடியையும் ஆரம்பிக்காதீர்கள், எது கேட்டது என்று தெரியாமல் போகும்.

நூல்கண்டு, 18 செப்டம்பர்

எட்டு நாள் கட்டன் சாயா. ஒரு தடவை குறைந்திருக்கிறது, ஒரு தடவை பாக்கி. இன்று முதல் பாக்கெட் பிரித்தேன், ஈர மணலைக் குடிப்பது போல இருக்கிறது.